சுவருக்கு பெயின்ட்டா, ஸ்கிரீன் துணியா? ஹால்ல லைட் எரியும்போது 100 இன்ச் படம் வெளுத்துப் போகுது

வடக்குவாசல்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஹால் 14க்கு 11 அடி, அந்த 11 அடி சுவர்லதான் படம் விழுது, சைஸ் 100 இன்ச். புரொஜக்டர் 1080பி, சீலிங்ல மாட்டியிருக்கு, பாக்ஸ்ல 2200 லூமன்ஸ்னு போட்டிருக்கான். ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சா படம் நல்லாவே இருக்கு. ஆனா சாயங்காலம் பையன் படிப்பான், அம்மா ஏதாவது வேலையா உக்காந்திருப்பாங்க, டியூப்லைட் எரிஞ்சே ஆகணும், அப்ப பாத்தா கறுப்பு எல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஆயிடுது, ராத்திரி சீன்ல யார் நிக்கிறாங்கன்னே தெரியல. சுவர் இப்ப கிரீம் கலர், லேசா பளபளப்பு இருக்கற எமல்ஷன். கடையில கேட்டா கெயின் 1.2 ஸ்கிரீன், அதாவது சாதா வெள்ளையைவிட 1.2 மடங்கு வெளிச்சத்தை நேரா திருப்பறது, போடுங்க சார், லைட்ல கூட சூப்பரா தெரியும்கறாங்க, 14,000 ஆகுமாம். பெயின்டர் வெள்ளை மேட் அடிச்சுத் தர 3,500 கேக்கறார். 1.2 கெயின் டியூப்லைட்டை சமாளிக்குமா? பாத்தவங்க சொல்லுங்க.

குமரன்_ஹெச்டி:
ரெண்டும் வேணாம் ப்ரோ, கிரே பெயின்ட் அடிங்க. வெள்ளை சுவர் ரூம் லைட்டை அப்படியே திருப்பி அடிக்கும், கிரே அதை உறிஞ்சிக்கும், கறுப்பு கறுப்பாவே நிக்கும். எங்க வீட்ல மீடியம் கிரே அடிச்சு நாளாச்சு, வெள்ளை ஸ்கிரீன் பக்கம் இனிமே போகவே மாட்டேன். லைட் எரியற ரூம்னா கிரேதான்.

இருட்டறை_மலர்:
குமரன் தம்பி சொன்னதுல பாதி சரி, எந்தப் பாதின்னு அப்புறம் வரேன். முதல்ல ஒரு விஷயம். புரொஜக்டரால கறுப்பை வீச முடியாது. படத்துல கறுப்பு வர்ற இடத்துல அது வெளிச்சத்தை நிறுத்துது, அவ்வளவுதான். அப்ப அங்க உங்களுக்குத் தெரியறது அந்த நேரத்துல உங்க சுவர் என்ன நிறத்துல இருக்கோ அது. டியூப்லைட் வெளிச்சத்துல சுவர் கிரீமா தெரிஞ்சா, படத்தோட கறுப்பும் அதே கிரீம்தான். இதை எந்த மெனு செட்டிங்கும் மாத்தாது.

அதனால துணியா பெயின்ட்டான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி சுவர்ல எவ்வளவு ரூம் வெளிச்சம் விழுதுன்னு தெரியணும். ஆண்ட்ராய்டு போன்ல ஏதாவது ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் போடுங்க. சென்சார் முன்பக்கம் இயர்பீஸ் கிட்ட இருக்கும், அதனால போனோட முதுகை சுவர்ல ஒட்டி, டிஸ்ப்ளே புரொஜக்டரைப் பாக்கற மாதிரி, படம் விழற இடத்துக்கு நடுவுல பிடிங்க. டியூப்லைட் எரிய, புரொஜக்டர் ஆஃப், ஒரு ரீடிங். எல்லா லைட்டும் ஆஃப், முழு வெள்ளைப் படம், ஒரு ரீடிங். அப்புறம் வீட்ல இருக்கற வேற வேற லைட்டுக்கு ஒவ்வொண்ணா எடுங்க. போனைப் பிடிக்கறப்ப உங்க நிழல் அது மேல விழக்கூடாது, பக்கவாட்டுல நின்னு கையை நீட்டிப் பிடிங்க. போன் காட்டற நம்பர் துல்லியமா இருக்காது, ஆனா ஒரே போன்ல எடுத்தா ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட்டுப் பாக்க போதும்.

சின்னமனூரான்:
நானும் இதையேதான் கேக்கணும்னு இருந்தேன். ஆன்லைன்ல ஒரு குட்டி புரொஜக்டர் வாங்கினேன், 9000 லூமன்ஸ்னு போட்டிருந்தது. வேட்டித் துணி மேல அடிச்சுப் பாத்தேன், சுவர்லயும் அடிச்சுப் பாத்தேன், பகல்ல ஒண்ணுமே தெரியல. எனக்கு எந்த ஸ்கிரீன் நல்லா இருக்கும், 2.0 கெயின்லாம் கிடைக்குதாமே அது வாங்கவா?

இருட்டறை_மலர்:
@சின்னமனூரான் தம்பி, ஸ்கிரீன் வாங்காதீங்க. பாக்ஸ்ல போடற அந்த 9000க்கு எந்த அளவுகோலும் கிடையாது. ஏஎன்எஸ்ஐ லூமன்ஸ்னு தனியா ஏதாவது போட்டிருக்கானான்னு பாருங்க, அந்த வகை மெஷின்ல பெரும்பாலும் சில நூறுதான் இருக்கும். 200ன்னு வெச்சுக்குவோம். 100 இன்ச் படத்தோட பரப்பு 2.75 சதுர மீட்டர், 200ஐ அதால வகுத்தா 73 லக்ஸ். சாயங்காலம் ஒரு சாதாரண ஹால்ல டியூப்லைட்டே அதைவிட அதிகமா சுவர்ல விழும். அதே படத்தை 60 இன்ச்சுக்கு சுருக்குங்க, பரப்பு 1 சதுர மீட்டர் ஆயிடும், 200 லக்ஸ் கிடைக்கும். மெஷினை முன்னாடி நகத்தறதுக்குக் காசு இல்ல. வேட்டித் துணியில பாதி வெளிச்சம் பின்பக்கமே போயிடும், அதுக்கு சுவரே மேல்.

வடக்குவாசல்:
எடுத்துட்டேன் அக்கா. முழு வெள்ளை, ரூம் இருட்டு: 520. டியூப்லைட் மட்டும்: 110. மத்தியானம் கர்ட்டன் போட்டுட்டு: 60. சோபாவுக்குப் பின்னாடி மூலையில ஒரு ஷேடு போட்ட மஞ்ச லைட் இருக்கு, அது மட்டும் எரியறப்ப 9. இன்னொண்ணு, எங்க டியூப்லைட் படம் விழற சுவருக்கு நேர் எதிர் சுவர்ல இருக்கு.

இருட்டறை_மலர்:
அந்தக் கடைசி வரியிலதான் உங்க பிரச்சினையே இருக்கு. எதிர் சுவர்ல இருக்கற டியூப்லைட் இன்னொரு புரொஜக்டர் மாதிரி வேலை செய்யுது, நேரா உங்க படத்து மேல அடிக்குது.

இப்ப உங்க நம்பரையே போட்டுப் பாப்போம். வெள்ளை வர்ற இடத்துல புரொஜக்டர் வெளிச்சமும் ரூம் வெளிச்சமும் சேந்து விழுது, கறுப்பு வர்ற இடத்துல ரூம் வெளிச்சம் மட்டும்.

டியூப்லைட்: (520 + 110) / 110 = 5.7
கர்ட்டன் போட்ட மத்தியானம்: (520 + 60) / 60 = 9.7
மஞ்ச லைட்: (520 + 9) / 9 = 59

டியூப்லைட்ல உங்க வெள்ளை கறுப்பைவிட ஆறு மடங்கு கூட இல்ல. அச்சடிச்ச நியூஸ்பேப்பர் கூட அதைவிட நல்லா இருக்கும். ஒரு லைட்டை அணைச்சு இன்னொண்ணைப் போட்டதும் அதே சுவர்ல, அதே மெஷின்ல 59.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். எல்லாப் பக்கமும் சமமா சிதறடிக்கற ஸ்கிரீனை எடுத்துக்கங்க, அது எந்த நிறமா இருந்தாலும், விழற வெளிச்சம் புரொஜக்டர்லேந்து வந்துதா டியூப்லைட்லேந்து வந்துதான்னு அதுக்குத் தெரியாது. ரெண்டையும் ஒரே விகிதத்துலதான் திருப்பி அனுப்பும். வெள்ளை மேட் சுவர் 85 சதவீதத்தைத் திருப்புதுன்னு வெச்சு மேல 0.85ஆல பெருக்குங்க, கீழயும் 0.85ஆல பெருக்குங்க, 5.7 அப்படியே 5.7தான். 0.5ஆல பெருக்கினாலும் அதேதான். குமரன் தம்பியோட கிரே டியூப்லைட் எரியற ரூம்ல இந்த விகிதத்தை ஒரு புள்ளி கூட மாத்தாது.

குமரன்_ஹெச்டி:
அக்கா கணக்கு சரியா இருக்கலாம், ஆனா நான் தினம் கண்ணால பாக்கறேனே. வெள்ளை சுவர்ல பாத்ததுக்கும் கிரேல பாக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, கறுப்பு ஆழமா தெரியுது. வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.

இருட்டறை_மலர்:
உங்க கண்ணு பொய் சொல்லல தம்பி. ஆனா அதுக்குக் காரணம் ரெண்டு இருக்கு.

ஒண்ணு, கிரேல கறுப்பும் இறங்குது, வெள்ளையும் இறங்குது. மெஷின்ல வெளிச்சம் மிச்சமிருந்தா வெள்ளை இறங்கினதைக் கண்ணு பெருசா கண்டுக்காது, கறுப்பு இறங்கினது மட்டும் பளிச்னு தெரியும். இதை ஒத்துக்கறேன்.

இன்னொண்ணுதான் முக்கியம். லைட் எல்லாம் அணைச்ச ரூம்ல வெளிச்சம் எங்கேந்து வருது? படத்துலேந்தே வருது. வெள்ளை சுவர் தன் மேல விழுந்ததை ரூமுக்குள்ள கொட்டுது, வெள்ளை சீலிங்கும் பக்கச் சுவரும் அதைத் திரும்பப் படத்து மேலயே அனுப்புது, கறுப்பு இருக்கற இடத்துலயும் சேத்து. வடக்குவாசல் தம்பி இதை சோதிச்சுப் பாக்கலாம், பாதி வெள்ளை பாதி கறுப்பா ஒரு படத்தைப் போட்டு கறுப்புப் பாதி நடுவுல போனை வெச்சுப் பாருங்க. உங்க ஹால் சைஸுக்கும் வெளிர் சுவருக்கும் ஒரு 8 லக்ஸ் கிட்ட வரும்னு என் கணிப்பு. அப்படின்னா பாதிப் படம் வெளிச்சமா இருக்கற சீன்ல வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம், அதாவது கான்ட்ராஸ்ட், 60, 65க்கு மேல ஏறாது, பாக்ஸ்ல 1000:1, 10000:1 என்ன போட்டிருந்தாலும் சரி. கிரே பெயின்ட் இந்த சுத்தலைத்தான் குறைக்கும், ஏன்னா ரூமுக்குள்ள கொட்டற அளவே கம்மி. படச் சுவர் பாதிக்குப் பாதி உறிஞ்சினா 8 லக்ஸ் 5க்கு இறங்கும், கான்ட்ராஸ்ட் 100 பக்கம் போகும். நீங்க லைட்டை அணைச்சு, வெள்ளை சீலிங் இருக்கற ரூம்லதான பாக்கறீங்க? கிரே உதவற பாதி அதுதான். டியூப்லைட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

பழைய_ஆபரேட்டர்:
நான் தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தவன், அதனால ரெண்டு வார்த்தை. தியேட்டர்ல பக்கச் சுவர் ஏன் அடர்த்தியா இருக்கு, சீலிங் ஏன் கறுப்பா இருக்குன்னு எல்லாரும் அழகுக்குன்னு நினைக்கறாங்க, அந்தம்மா சொன்ன காரணம்தான் அது. திரையைச் சுத்தி கறுப்புத் துணி கட்டறதும் அப்படித்தான். டிஜிட்டல் சினிமாவுக்கு திரையில வெள்ளை 48 நிட்ஸ் இருக்கணும்கறதுதான் ஸ்டாண்டர்டு, திரையிலேந்து கண்ணுக்கு வர்ற வெளிச்சத்தோட அளவுதான் நிட்ஸ். எங்ககிட்ட படம் வெளுத்துத் தெரியுதுன்னு புகார் வந்தா முதல்ல லேம்ப்பைப் பாக்க மாட்டோம், எக்ஸிட் லைட்டும் படிக்கட்டு லைட்டும் திரை மேல விழுதான்னு பாப்போம். 3டி வந்தப்ப சில்வர் ஸ்கிரீன் மாட்டினாங்க, போலரைஸ்டு கண்ணாடிக்கு அது இல்லாம ஆகாது. ஆனா 2டி படம் போட்டா நடுவுல ஒரு வெளிச்சக் குமிழ் மாதிரி தெரியும், ஓரத்து சீட்ல உக்காந்தவன் பக்கம் படம் மங்கிடும். கெயின் ஏத்தறது சும்மா கிடைக்கறதில்ல.

வடக்குவாசல்:
பாதி வெள்ளை போட்டு எடுத்தேன் அக்கா, 7 காட்டுது. 48 நிட்ஸ்னு ஐயா சொன்னாரே, எங்க வீட்ல எவ்வளவு வரும்?

இருட்டறை_மலர்:
520 லக்ஸ் விழுது, வெள்ளை மேட் பெயின்ட் 0.85ன்னு வெச்சு, 3.14ஆல வகுங்க: 141 நிட்ஸ். தியேட்டரைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு, இன்னும் ஸ்கிரீனே வாங்கல. 1.2 கெயின் துணி போட்டா நேரா உக்காந்தவருக்கு 199 வரும். ஆனா உங்களுக்கு வெளிச்சம் பத்தலைங்கறது பிரச்சினையே இல்ல, கறுப்பு ஏறிடுதுங்கறதுதான் பிரச்சினை, அதுக்கு அந்த 14,000 எதுவும் செய்யாது. லூமன்ஸ் கம்மியான மெஷினை வெச்சு இருட்டு ரூம்ல 130, 150 இன்ச் பாக்கணும்னு நினைக்கறவருக்குத்தான் கெயின் வேணும்.

தாம்பரம்_வித்யா:
அக்கா, இதுக்கு நடுவுல என் கேஸ். லைட்டைத் தள்ளற ஸ்கிரீன்னு ஒண்ணு, ஏஎல்ஆர் போட்டது, நிறைய காசு குடுத்து வாங்கினோம். சீலிங் புரொஜக்டர்ல அடிச்சா படம் பழைய சுவரைவிட மங்கலா இருக்கு. கடையில கேட்டா புரொஜக்டர் பத்தலைங்கறாங்க. ஆனா ரூம் லைட் போட்டா ஸ்கிரீன் நிஜமாவே கறுப்பாத்தான் இருக்கு.

இருட்டறை_மலர்:
வித்யா, ஸ்கிரீன் கிட்ட போய் டார்ச்சைக் கீழேந்து மேல அடிச்சுப் பாருங்க, அப்புறம் மேலேந்து கீழ அடிச்சுப் பாருங்க. கீழேந்து அடிக்கறப்ப பளிச்னும், மேலேந்து அடிக்கறப்ப கறுப்பாவும் தெரிஞ்சா அது சுவரை ஒட்டித் தரையில வைக்கற அல்ட்ரா ஷார்ட் த்ரோ மெஷினுக்கான ஸ்கிரீன். அதுல ரம்பப் பல் மாதிரி நுணுக்கமா வரி வரியா இருக்கும், ஒவ்வொரு பல்லோட கீழ்ப்பக்கம் வெளிச்சத்தை உங்க பக்கம் திருப்பும், மேல்பக்கம் கறுப்பா இருந்து சீலிங் லைட்டை உறிஞ்சிடும். உங்க புரொஜக்டரே சீலிங்ல இருக்கறதால ஸ்கிரீன் அதையும் ரூம் லைட்னு நினைச்சு முழுங்குது. உங்க மெஷின் மேல தப்பில்ல, மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க.

நான் மேல சொன்ன கணக்கு உடையற ஒரே இடமும் இதுதான். வெளிச்சம் எந்தத் திசையிலேந்து வருதுன்னு பிரிச்சுப் பாக்கற ஸ்கிரீன் மட்டும்தான் டியூப்லைட்டையும் படத்தையும் வேற வேறயா நடத்தும். அதுலயும் வடக்குவாசல் தம்பி வீட்டு மாதிரி லைட் நேர் எதிர்ல, புரொஜக்டர் இருக்கற திசையிலேயே இருந்தா, அதாலயும் பெருசா பிரிக்க முடியாது.

குமரன்_ஹெச்டி:
அப்ப கண்ணாடி மணி பதிச்ச பழைய ஸ்கிரீன் கெயின் 2க்கு மேல வருமே, அதுவும் திசை பாத்துத்தானே அனுப்புது, அது ஆகாதா?

இருட்டறை_மலர்:
நல்ல கேள்வி தம்பி. அது வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பற ஜாதி. புரொஜக்டர் டீப்பாய் மேல, உங்க தலை உயரத்துல இருந்தா வெளிச்சம் உங்ககிட்ட வரும், பக்கத்து ஜன்னல் வெளிச்சம் ஜன்னலுக்கே போயிடும், ரொம்ப நல்லா வேலை செய்யும். சீலிங்ல மாட்டினா அந்த எக்ஸ்ட்ரா கெயின் எல்லாம் சீலிங்குக்கே போயிடும், நீங்க பாக்கறது சாதா துணி அளவுதான். சில்வர், முத்துப்பூச்சு ஸ்கிரீன் எல்லாம் கண்ணாடி மாதிரி எதிர்க் கோணத்துக்கு அனுப்பும், சீலிங் மெஷினுக்கு அதுதான் பொருந்தும். சாம்பிள் துண்டு கிடைச்சா போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சு அடிச்சு, துணியைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க, சாய்ச்சாலும் பளபளன்னு மின்னினா மணி ஜாதி.

பல்லடம்_பெயின்ட்ஸ்:
நான் பெயின்ட் கான்ட்ராக்ட் எடுக்கறவன், புரொஜக்டர் பத்தித் தெரியாது, சுவரைப் பத்தி சொல்றேன். சுவர் ஓதம் வாங்குதான்னு முதல்ல பாருங்க, ஓதம் இருந்தா எதை அடிச்சாலும் உப்பி வந்துடும். இப்ப இருக்கற பளபளப்பு மேல நேரா அடிக்கக் கூடாது, எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு பளபளப்பை எடுத்துட்டு, பட்டி ரெண்டு கோட், ஒவ்வொண்ணும் நல்லா காஞ்சப்புறம் 180 போட்டுத் தேய்க்கணும், கடைசியா 320. இதுலதான் விஷயமே இருக்கு. டியூப்லைட்ல பாத்து மட்டம்னு சொல்லிடுவாங்க, நம்பாதீங்க. ராத்திரி ரூமை இருட்டாக்கி டார்ச்சைச் சுவரோட ஒட்டிப் படுக்க வெச்சு அடிங்க, கரணை போட்ட ஒவ்வொரு அலையும் நிழல் விழுந்து காட்டிக் குடுத்துடும். அங்கங்க பென்சில்ல சுழிச்சு வெச்சுட்டு மறுபடி பட்டி பாக்கச் சொல்லுங்க. பிரைமர் அடிச்சு, குட்டை மயிர் ரோலர்ல ரெண்டு கோட் மேட். பெரிய மயிர் ரோலர் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா விட்டுடும். கடைசிக் கோட் மேலேந்து கீழ ஒரே திசையில, நடுவுல நிறுத்தாம இழுக்கணும், நிறுத்தி ஒட்டு விட்டா அந்த ஒட்டு தெரியும்.

இருட்டறை_மலர்:
அருமையா சொன்னீங்க அண்ணா. இதோட புரொஜக்டர் பக்கம் ஒண்ணு சேத்துக்கறேன். 100 இன்ச்ல 1080பி படத்தோட ஒரு பிக்சல் 1.15 மில்லிமீட்டர்தான், ரோலர் புள்ளி அதைவிடப் பெருசா இருந்தா எழுத்தோட ஓரம் பிசிறும். சில்க், சாட்டின் எதுவும் வேணாம், மேட் மட்டும். பளபளப்பு இருந்தா புரொஜக்டர் லென்ஸோட பிரதிபலிப்பு ஒரு இடத்துல வெளுப்பா நிக்கும், கேமரா நகர்ற சீன்ல அது மட்டும் நகராம ஒரே இடத்துல இருக்கும், ஒரு தடவை கண்ணுல பட்டா அப்புறம் படமே பாக்க முடியாது. கிரீம் வேணாம், வெள்ளை பேஸை டின்ட் போடாம கேளுங்க. அல்ட்ரா ஷார்ட் த்ரோ வெச்சிருக்கறவங்க மட்டும் சுவர்ல அடிக்காதீங்க, வெளிச்சம் சாய்வா வர்றதால அண்ணா சொன்ன டார்ச் டெஸ்ட் மாதிரி தினமும் நடக்கும், நேர் கோடெல்லாம் வளையும்.

சின்னமனூரான்:
60 இன்ச் ஆக்கிப் பாத்தேன் அக்கா, சாயங்காலம் கிரிக்கெட் பாக்கற அளவுக்கு வந்துடுச்சு. பகல்ல இன்னும் கஷ்டம்தான்.

வடக்குவாசல்:
ஸ்கிரீன் வேணாம்னு கடையில சொல்லிட்டேன். பையனோட படிப்பு டேபிளை சோபாவுக்குப் பின்னாடி கொண்டு போய், ஷேடு போட்ட டேபிள் லைட் ஒண்ணு வாங்கி வெச்சேன். டேபிள் லைட்டும் மஞ்ச லைட்டும் சேந்து எரியறப்ப சுவர்ல 14 காட்டுது, பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே இருட்டு சீன்ல முகம் தெரியுது. இப்ப சந்தேகம் வெள்ளையா கிரேயாங்கறதுதான். 141 நிட்ஸ் இருக்குன்னா கொஞ்சம் கிரே தாங்குமே? குமரன் சொல்றது ஆசையா இருக்கு.

குமரன்_ஹெச்டி:
தாங்கும் ப்ரோ, 0.5 கிரே அடிச்சாலும் 83 நிட்ஸ் நிக்கும், தியேட்டரைவிட அதிகம். அடிங்க.

இருட்டறை_மலர்:
இன்னிக்கு தாங்கும். ஆனா லேம்ப் மெஷின்னா வெளிச்சம் காலப்போக்குல இறங்கிட்டே வரும், பாக்ஸ்ல போடற லேம்ப் ஆயுசே வெளிச்சம் பாதியாகற கணக்குதான். அப்ப 83 பாதியாகும், டேபிள் லைட் எரியற ரூம்ல அது பத்தாது. உங்க வீட்ல லைட் எரிய பாக்கற நேரம்தான் அதிகம்னா நான் வெள்ளை மேட்டுன்னுதான் சொல்வேன், சுத்தியும் மூணு இன்ச் கறுப்பு வெல்வெட் டேப் ஒட்டுங்க, கிரேல கிடைக்கற அந்த ஆழம் கண்ணுக்கு அதுலயே பாதி கிடைச்சுடும். சீலிங்ல படத்தை ஒட்டின மூணு நாலு அடியை அடர்த்தியான மேட் கலர் அடிச்சீங்கன்னா நீங்க எடுத்த அந்த 7 லக்ஸும் இறங்கும், படத்தோட வெளிச்சம் துளி குறையாது.

குமரன்_ஹெச்டி:
சீலிங்கை அடர்த்தியாக்கறதுக்கு வீட்ல யார் ஒத்துக்குவா அக்கா. கிரே சுவர்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, டிசைன்னு சொல்லிடலாம். நான் இதுல மாற மாட்டேன்.

பல்லடம்_பெயின்ட்ஸ்:
ரெண்டு அடிக்கு ரெண்டு அடி பிளைவுட் ரெண்டு துண்டு எடுத்து பட்டி பாத்து ஒண்ணுல வெள்ளை ஒண்ணுல கிரே அடிங்க தம்பி. ஷேடு கார்டுல இருக்கற கிரே நிறைய நீலமோ பச்சையோ கலந்திருக்கும், காஞ்சப்புறம்தான் தெரியும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல சாய்ச்சு வெச்சு படத்தை ஓட்டிப் பாருங்க.

வடக்குவாசல்:
அப்படியே பண்றேன் அண்ணா. பிளைவுட் வீட்லயே கிடக்கு, ஞாயித்துக்கிழமை அடிச்சு, காஞ்சதும் டேபிள் லைட் போட்டு ஒண்ணு, அணைச்சு ஒண்ணு போட்டோ எடுத்துப் போடறேன். போன் கேமராவுல எக்ஸ்போஷரை லாக் பண்ணி எடுக்கணுமா அக்கா?

இருட்டறை_மலர்:
ஆமா, லாக் பண்ணி, ரெண்டு பலகையும் ஒரே போட்டோவுல வர்ற மாதிரி எடுங்க. தனித்தனியா எடுத்தா போன் ரெண்டையும் ஒரே வெளிச்சத்துக்கு இழுத்துடும், ஒண்ணும் தெரியாது.

தாம்பரம்_வித்யா:
டார்ச் அடிச்சுப் பாத்தேன் அக்கா, நீங்க சொன்னது போலவேதான், கீழேந்து அடிச்சா பளிச், மேலேந்து அடிச்சா கறுப்பு. கடையில மாத்தித் தர மாட்டேங்கறாங்க. இதையே தலைகீழா மாட்டினா சீலிங் புரொஜக்டருக்கு வேலை செய்யுமா?

இருட்டறை_மலர்:
சீலிங் லைட்டையும் சேத்து உங்க பக்கம் திருப்பிடும் வித்யா, அதோட அந்தப் பல்லோட கோணம் சுவரை ஒட்டி வர்ற வெளிச்சத்துக்கு வெட்டினது, உங்க மெஷின் தூரத்துலேந்து அடிக்குது. லைட் எல்லாம் அணைச்சுப் பாக்கறப்ப மட்டும் இப்ப இருக்கறதைவிட வெளிச்சம் கூடலாம். எவ்வளவுன்னு மாட்டிப் பாத்தாத்தான் தெரியும், பிரேமைக் கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் தலைகீழா பிடிச்சு நின்னு ஒரு நிமிஷம் படத்தை ஓட்டிப் பாத்துடுங்க.